நாமினி எழுதும் கிளைம் கடிதமும் இணைக்க வேண்டிய ஆவணங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளைம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது தெரிந்ததால், கோபி, சத்தி, அந்தியூர், பவானி பக்கத்து ஊர்களிலிருந்து கருமாதி முடிந்த கையோடு பாலிசிப் பத்திரத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள் என்பதால், கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். படிவ எண்கள் எல்ஐசி பயன்படுத்துபவை. தனியார் நிறுவனங்களில் எண்ணும் தலைப்பும் மாறும், ஆனால் கேட்கப்படும் விவரங்கள் ஏறக்குறைய இவைதாம்.

ஏனுங்க, ஆபீசுல ஃபாரம் குடுக்கறாங்களே, அப்பறம் எதுக்குங்க தனியா ஒரு லெட்டரு?

படிவம், நிறுவனம் எதை அறிய விரும்புகிறதோ அதை மட்டுமே கேட்கும். நீங்கள் எந்தத் தேதியில் தகவல் தந்தீர்கள், எந்தெந்த ஆவணங்களை ஒப்படைத்தீர்கள் என்பதற்கான சாட்சி உங்கள் கடிதத்தின் நகலில் அலுவலகம் வைக்கும் முத்திரையும் தேதியும்தான். பின்னாளில் "அந்தக் காகிதம் வரவே இல்லை" என்று ஒருவர் சொன்னால், முத்திரை விழுந்த அந்த நகலைத் தவிர வேறெதுவும் உங்களுக்குக் கை கொடுக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. படிவங்களை எந்தக் கட்டாகக் கொடுப்பது என்பதை அலுவலகம் முடிவு செய்வது, இறப்பின் காரணம், இடம், தேதி, பாலிசியின் வயது ஆகியவற்றைப் பார்த்துத்தான். இவை நான்கும் முதல் கடிதத்திலேயே தெளிவாக இருந்தால், ஒரு முறை ஒரு படிவம், அடுத்த முறை இன்னொரு படிவம் என்ற அலைச்சல் பெருமளவு குறையும்.

லெட்டரு யாரு பேர்ல எழுதோணும்? பையன் எழுதிக் குடுத்தா ஆகாதுங்களா?

பத்திரத்தில் நாமினியாக யார் பெயர் இருக்கிறதோ அவருடைய பெயரில்தான் எழுத வேண்டும். கையொப்பமும் அவருடையதாகவே இருக்க வேண்டும். கடிதத்தை மகன் தன் கையால் எழுதலாம், தட்டச்சு செய்தும் கொடுக்கலாம். நாமினி கைநாட்டு வைப்பவராக இருந்தால், கடிதத்தின் உள்ளடக்கம் அவருக்குப் படித்துக்காட்டி விளக்கப்பட்டது என்று கீழே ஒரு வரி எழுதி, குடும்பத்தைச் சாராத ஒருவர் சாட்சிக் கையொப்பமிடுவது நல்லது.

கடிதம், அந்தப் பாலிசியைப் பராமரிக்கும் கிளையின் மேலாளருக்குப் போக வேண்டும். பாலிசி திருப்பூரில் எடுக்கப்பட்டு, பிறகு கோபிக்கு மாற்றப்பட்டிருந்தால் பத்திரத்தில் ஒரு கிளையும் ரசீதில் இன்னொரு கிளையும் இருக்கும். கடைசியாகப் பிரீமியம் கட்டிய ரசீதில் உள்ள பராமரிப்புக் கிளையையே நம்புங்கள். ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டு வருவதைக் கிளைக்குத் தகவல் கொடுத்ததாக எண்ண வேண்டாம். அவர் உதவட்டும்; ஆனால் முத்திரை விழுந்த நகல் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

காரியமெல்லாம் முடியட்டும்னு இருந்துட்டோமுங்க. லேட்டாயிருச்சுனு தள்ளீருவாங்களா?

தாமதம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி நியாயமான கோரிக்கையை மறுக்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011ஆம் ஆண்டிலேயே நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஆகவே இரண்டு மூன்று மாதம் ஆகிவிட்டதே என்று கலங்க வேண்டியதில்லை. தாமதத்துக்கான காரணத்தைக் கடிதத்தில் ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டால் போதும்.

ஆனாலும் தகவல் கடிதத்தை முன்னதாகவே கொடுப்பதில் நன்மை இருக்கிறது. முதல் தகவலுக்கு இறப்புச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. "சான்றிதழ் கிடைத்ததும் சமர்ப்பிக்கிறேன்" என்று எழுதிக் கொடுக்கலாம். நாள் செல்லச் செல்ல மருத்துவமனைக் குறிப்புகளைத் தேடி எடுப்பது கடினமாகும். சிகிச்சை அளித்த மருத்துவர் வேறு ஊருக்கு மாறிப்போய்விடுவார். பணம் நிற்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான்.

என்னென்ன பேப்பருங்க வேணும்? ஒரேவாட்டியா சொல்லிப்போடுங்க.

எல்லாருக்கும் பொதுவானவை சிலவே. அசல் பாலிசிப் பத்திரம், இறப்புச் சான்றிதழ், நாமினி நிரப்பும் கோரிக்கைப் படிவம், நாமினியின் ஆதார், பான் அட்டை நகல்கள், பணம் நேரடியாக வங்கிக் கணக்கில் ஏறுவதற்கான விவரப் படிவத்துடன், பெயர் அச்சிட்ட ரத்து செய்யப்பட்ட காசோலை அல்லது பாஸ்புக்கின் முதல் பக்க நகல், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையொப்பமிட்ட 3801 எண் விடுவிப்புப் படிவம். பாலிசி மூன்று ஆண்டுகளைத் தாண்டி இடைமுறிவின்றி ஓடியிருந்தால், கோரிக்கைப் படிவமும் 3783ஏ என்ற சுருக்கமான படிவமாகவே இருக்கும். பெரும்பாலும் வேலை அதோடு முடிந்துவிடும்.

மூன்று ஆண்டுகளுக்குள் இறப்பு நேர்ந்திருந்தால்தான் பட்டியல் நீளும். 3783 எண் கொண்ட முழுப் படிவம், கடைசியாகச் சிகிச்சை அளித்த மருத்துவர் தரும் 3784, மருத்துவமனை தரும் 3816, தகனத்திலோ அடக்கத்திலோ கலந்துகொண்டவர் தரும் 3785, வேலையில் இருந்தவரென்றால் முதலாளி தரும் 3787 ஆகியவை சேரும். இவற்றுள் 3785ஐ எல்லாரும் எளிது என்று நினைக்கிறார்கள். நம் பக்கத்து ஊர்களில் அதுதான் சிக்கல். உறவினரல்லாத, ஊரில் மதிப்புள்ள ஒருவர் கையொப்பமிடுவது நல்லது; ஊரில் பார்த்தால் பாதிப் பேர் பங்காளி, மீதிப் பேர் மாமன் மச்சான். பள்ளி ஆசிரியர், அஞ்சல் அலுவலர் போன்றவர்களில் இறுதிச் சடங்குக்கு வந்திருந்த ஒருவரை நினைவுபடுத்திப் பார்த்துக் கேளுங்கள்.

இறப்புச் சான்றிதழைப் பொறுத்தவரை, கிராம ஊராட்சிப் பகுதியில் இறப்பைப் பதிவு செய்பவர் கிராம நிர்வாக அலுவலர். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளில் அந்தந்த அலுவலகம். இறப்பு எங்கே நேர்ந்ததோ அங்கேதான் பதிவாகும். கோபிக்காரர் ஈரோட்டு மருத்துவமனையில் இறந்தால் சான்றிதழ் ஈரோட்டில் கிடைக்கும். 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. பதிவான பின் www.crstn.org தளத்திலும் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். சான்றிதழில் இறப்பின் காரணம் இருக்காது என்பதைக் கவனியுங்கள். நிறுவனம் மருத்துவமனைப் படிவங்களை விடாமல் கேட்பது அதனால்தான்.

எங்கூட்டுக்காரரு பாலிசி போட்டு எட்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. எங்களுக்கும் ஏனுங்க ஆஸ்பத்திரிப் பேப்பரெல்லாம் கேக்கறாங்க?

இடையில் பிரீமியம் கட்டாமல் விட்டு, பிறகு புதுப்பித்தீர்களா என்று பாருங்கள். காப்பீட்டுச் சட்டம் 1938இன் 45ஆம் பிரிவு, மூன்று ஆண்டுகள் கடந்த பாலிசியை எந்தக் காரணம் கொண்டும் கேள்விக்குள்ளாக்கக்கூடாது என்கிறது. ஆனால் அந்த மூன்று ஆண்டுகள் பாலிசி வழங்கிய நாள், பொறுப்பு தொடங்கிய நாள், புதுப்பித்த நாள், கூடுதல் பயன் சேர்த்த நாள் ஆகியவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ணப்படும். புதுப்பித்த நாளில் கடிகாரம் மறுபடி பூஜ்ஜியத்துக்குப் போய்விடுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அடையாளங்களைச் சற்று மாற்றி, நான் பார்த்த ஒரு கோப்பைச் சொல்கிறேன். பெருந்துறை சிப்காட்டில் ஃபிட்டராக இருந்தவர் 2016 மார்ச்சில் 20 ஆண்டுக் காலத்துக்கு 5 லட்ச ரூபாய்க்கு பாலிசி எடுத்து, காலாண்டுக்கு ஒரு முறை கட்டி வந்தார். 2022 ஜூன் தவணை வரை 26 தவணைகள் கட்டியிருந்தார், செப்டம்பரிலிருந்து நின்றுபோயிற்று. 2024 ஜூனில் பாக்கியையும் வட்டியையும் கட்டி, 680 எண் கொண்ட உடல்நல அறிக்கையில் எல்லா நோய்க் கேள்விகளுக்கும் "இல்லை" என்று எழுதிப் புதுப்பித்தார். 2025 ஜனவரியில் நெஞ்சுவலி வந்து கோபி அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனைக்கும் கொண்டுபோய், மறுநாள் இறந்தார். மனைவியின் கணக்கில் பாலிசிக்கு எட்டே முக்கால் ஆண்டு வயது. நிறுவனத்தின் கணக்கில் ஏழு மாதம்.

சிக்கல் மருத்துவமனைக் குறிப்பில் ஒரே வரியில் இருந்தது. அவசரப் பிரிவில் சேர்க்கும்போது, "மூன்று வருடங்களாக இரத்த அழுத்தம் உள்ளவர்" என்று முன்வரலாறு எழுதப்பட்டிருந்தது. சொன்னவர் உடன் போன மைத்துனர். பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். அந்த வரி உண்மையானால், 2024 ஜூன் அறிக்கையில் அவர் எழுதிய "இல்லை" பொய்யாகிவிடும். மனைவிக்கு வழி காட்டியது ஊர்ச் சுகாதாரச் செவிலியர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கணவருக்கு மாத்திரை கொடுத்த பதிவில், இரத்த அழுத்தம் முதன்முதலில் கண்டறியப்பட்டது 2024 செப்டம்பர் என்று இருந்தது. அதாவது புதுப்பித்த பிறகு. அந்தப் பதிவின் நகலை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் கையொப்பத்தோடு இணைத்து, மைத்துனரின் விளக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கோரிக்கை ஏற்கப்பட்டது.

அந்த மாதிரி கேசுக்கு லெட்டரு எப்பிடிங்க எழுதறது? ஒரு மாதிரி காட்டுங்க.

மேலே சொன்ன குடும்பம் கொடுத்ததை அடியொற்றி, பெயர்களை விட்டுவிட்டுத் தருகிறேன். உங்களுக்குப் பொருந்தாத வரிகளை எடுத்துவிடுங்கள்.

அனுப்புநர்: (நாமினி பெயர்), க/பெ (பாலிசிதாரர் பெயர்), கதவு எண், ஊர், கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம். கைபேசி எண்.

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், (நிறுவனம்), (பராமரிப்புக் கிளை).

பொருள்: பாலிசி எண் ……… – பாலிசிதாரர் திரு. ……… அவர்களின் இறப்பு – நாமினியின் உரிமைக் கோரிக்கை – ஆவணங்கள் சமர்ப்பித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்கண்ட பாலிசியின் உரிமையாளரும் என் கணவருமான திரு. ……… அவர்கள் ……/01/2025 அன்று ஈரோடு ……… மருத்துவமனையில் மாரடைப்பால் இறந்துவிட்டார். இந்தப் பாலிசியில் நான் நாமினியாகப் பதிவு செய்யப்பட்டுள்ளேன். பாலிசி ……/03/2016 அன்று தொடங்கி, ……/06/2024 அன்று புதுப்பிக்கப்பட்டு, இறந்த நாளில் நடப்பில் இருந்தது.

அவர் ……/01/2025 அன்று காலை கோபி அரசு மருத்துவமனையில் முதலுதவி பெற்று, அன்றே மேற்படி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். அனுமதிக் குறிப்பில் இரத்த அழுத்தம் மூன்று ஆண்டுகளாக இருந்ததாக எழுதப்பட்டுள்ளது. அது உடன் சென்ற உறவினர் சரியாகத் தெரியாமல் கூறியது என்பதையும், இரத்த அழுத்தம் முதன்முதலில் 2024 செப்டம்பரில்தான் கண்டறியப்பட்டது என்பதையும் இணைப்பு 7, 8 காட்டும்.

பாலிசித் தொகையையும் சேர்ந்துள்ள போனஸையும் எனது வங்கிக் கணக்கில் வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மேலும் ஏதேனும் ஆவணம் தேவைப்படின், அனைத்தையும் ஒரே கடிதத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

இணைப்புகள்:
1. அசல் பாலிசிப் பத்திரம்
2. இறப்புச் சான்றிதழ்
3. படிவம் 3783, நாமினி நிரப்பியது
4. படிவங்கள் 3784, 3816, மருத்துவமனை அளித்தவை
5. அனுமதி மற்றும் இறப்புச் சுருக்கக் குறிப்பு, நகல்
6. படிவம் 3785, படிவம் 3787, விடுப்பு விவரத்துடன்
7. ஆரம்ப சுகாதார நிலைய மருந்துப் பதிவு, மருத்துவர் சான்றொப்பமிட்ட நகல்
8. உடன் சென்ற உறவினரின் விளக்கக் கடிதம்
9. நாமினியின் ஆதார், பான் நகல்கள்
10. வங்கி விவரப் படிவம், ரத்து செய்யப்பட்ட காசோலையுடன்
11. படிவம் 3801, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையொப்பமிட்டது

இடம், நாள், கையொப்பம்.

புதுப்பித்த தேதியை நீங்களே எழுதுவதால் எதுவும் கெட்டுவிடாது. அது அவர்களுடைய கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் மறைத்ததாகத் தோன்றாமல் இருப்பதே அந்த வரியின் பயன். அதேபோல், மருத்துவக் குறிப்பில் உங்களுக்கு எதிரான வரி இருப்பது தெரிந்தால், அவர்கள் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்காமல் ஆதாரத்தோடு நீங்களே எழுப்புங்கள். ஆதாரம் இல்லாவிட்டால் விளக்கம் என்ற பெயரில் கதை எழுத வேண்டாம்.

நெசமாலுமே முன்னாடியே பி.பி. இருந்துருந்தா பணம் அம்புட்டும் போச்சுங்களா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. மறைக்கப்பட்ட செய்தி, தெரிந்திருந்தால் நிறுவனம் புதுப்பித்திருக்காது அல்லது வேறு நிபந்தனையில் புதுப்பித்திருக்கும் என்ற அளவுக்கு முக்கியமானதாக இருக்க வேண்டும். மோசடி என்று நிறுவனம் சொன்னால் காரணத்தையும் ஆதாரத்தையும் எழுத்தில் தர வேண்டும். மோசடி இல்லாத தவறான தகவல் என்ற காரணத்தால் பாலிசி ரத்தானால், கட்டிய பிரீமியத்தை 90 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று அதே 45ஆம் பிரிவு சொல்கிறது.

புதுப்பித்தல் மட்டும் செல்லாது என்றானால், அதற்கு முன்பு பாலிசி சேர்த்திருந்த மதிப்பைக் கேட்க இடமுண்டு. ஃபிட்டரின் பாலிசியில் மொத்தம் 80 தவணைகளில் 26 கட்டப்பட்டிருந்தன. 5 லட்சத்தில் அந்த விகிதம் 1,62,500 ரூபாய். அதுவரை சேர்ந்த போனஸ் தனி. முழுத் தொகை மறுக்கப்பட்டதாகக் கடிதம் வந்தால், இந்தச் செலுத்தப்பட்ட மதிப்பு ஏன் தரப்படவில்லை என்று பாலிசி நிபந்தனையைக் காட்டிக் கேளுங்கள். கேட்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆதார்ல ஒரு பேரு, பாலிசியில ஒரு பேரு, சர்டிபிகேட்ல ஒரு பேருங்க. இதுக்கு என்ன பண்றது?

பாலிசியில் "கு. பழனிசாமி", ஆதாரில் "பழனிச்சாமி குப்புசாமி", இறப்புச் சான்றிதழில் வெறும் "பழனிசாமி" என்று இருப்பது நம் ஊரில் அன்றாடக் காட்சி. தலைப்பெழுத்து விரிந்தும் சுருங்கியும் வருவதையும், ஓரிரு எழுத்து மாறுவதையும், தந்தை பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகியவை ஒத்துப்போனால் பெரும்பாலான கிளைகள் ஏற்றுக்கொள்ளும். அப்படிப்பட்ட வேறுபாட்டைக் கடிதத்திலேயே ஒரு பத்தியில் குறிப்பிட்டு, மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று எழுதுங்கள். அலுவலகம் வற்புறுத்தினால் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கலாம்.

பெயரே வேறாக இருந்தால் கதை வேறு. வீட்டில் "சின்னச்சாமி" என்று கூப்பிட்டு, அந்தப் பெயரிலேயே இறப்பைப் பதிவு செய்துவிட்டால் உறுதிமொழி போதாது. பதிவு செய்த அலுவலகத்தில் திருத்தம் வாங்கியே ஆக வேண்டும். இதைத் தவிர்க்க, பதிவுக்குப் போகும்போதே பாலிசிப் பத்திரத்தையும் ஆதாரையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். துக்க வீட்டில் இந்த வேலை பெரும்பாலும் விவரம் தெரியாத யாரோ ஒரு பையனிடம் விடப்படுகிறது.

பாண்டு காணோமுங்க. வூடு பூரா தேடிப்போட்டோம்.

முதலில் அது அடமானத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பாலிசியின் பேரில் அதே நிறுவனத்தில் கடன் வாங்கியிருந்தால் பத்திரம் அங்கேயே இருக்கும். கடனும் வட்டியும் கழித்து மீதி நாமினிக்கு வரும். கடனுக்காக வங்கிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தாலும் நாமினி நியமனம் ரத்தாகாது; வங்கிக்கு வர வேண்டிய பாக்கி அளவுக்கு மட்டும் நாமினியின் உரிமை குறையும். வங்கியின் பாக்கி தீர்ந்ததற்கான கடிதத்தையும் பாலிசியை மீண்டும் எழுதிக் கொடுத்ததையும் அங்கிருந்து வாங்க வேண்டும். உண்மையிலேயே தொலைந்திருந்தால், கடிதத்தின் இணைப்புப் பட்டியலில் முதல் வரியை எடுத்துவிட்டு, எப்படித் தொலைந்தது என்று ஒரு பத்தி எழுதுங்கள். முத்திரைத்தாளில் இழப்பீட்டு உறுதிப்பத்திரம் ஒன்றைக் கேட்பார்கள். வாசகத்தைக் கிளையே தரும்.

தோட்டத்துல ராத்திரி தண்ணி கட்டப் போனவர பாம்பு கடிச்சுப்போட்டுதுங்க. போலீசு, போஸ்ட்மார்ட்டம் ஒண்ணுமில்லாம எடுத்துட்டோம். டபுள் பணம் வருமுங்களா?

அடிப்படைத் தொகைக்கு இதனால் தடையில்லை. இறப்பு நிரூபணமானால் அது வர வேண்டியதே. "டபுள்" என்று சொல்லப்படும் விபத்துப் பயன் பாலிசியில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். பத்திரத்தில் அதற்கான பிரீமியம் தனியே காட்டப்பட்டிருக்கும். அதைக் கேட்பவர் விபத்தை நிரூபிக்க வேண்டும். வழக்கமாக அதற்குக் காவல் நிலையப் பதிவு, விசாரணை அறிக்கை, பிணக்கூறாய்வு அறிக்கை ஆகிய மூன்றும் தேவை. இயற்கைக்கு மாறான இறப்புகளை இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் பதிவு செய்கிறார்கள்.

அவை இல்லாத நிலையில், கடித்த பிறகு எந்த மருத்துவமனைக்காவது கொண்டுபோயிருந்தால் அங்கே எழுதப்பட்ட புறநோயாளிச் சீட்டு, நச்சுமுறி மருந்து ஏற்றிய குறிப்பு, ஆம்புலன்ஸ் பதிவு ஆகியவற்றைத் தேடிப் பிடியுங்கள். அவையும் இல்லாவிட்டால் விபத்துப் பயன் கிடைப்பது அரிது என்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். அதற்காகப் பழைய தேதி போட்டு இப்போது தயாரித்த சான்று எதையும் வாங்க முயல வேண்டாம். ஒரு பொய்க் காகிதம், ஒழுங்காக வர வேண்டிய அடிப்படைத் தொகையையும் விசாரணையில் இழுத்துவிடும்.

நாமினி எம் பையனுங்க, ஒம்பது வயசு. அவன் எப்பிடிங்க கையெழுத்துப் போடுவான்?

நாமினி வயது வராதவராக இருக்கும்போது, பணத்தைப் பெற்றுக்கொள்ள ஒரு பொறுப்பாளரைப் பாலிசிதாரர் நியமித்திருப்பார். பத்திரத்தில் நாமினி பெயருக்கு அடுத்து அப்பாயின்டீ என்று இருக்கும். கடிதத்தை அவர் பெயரில், "வயது வராத நாமினிக்காக" என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். பையனின் பிறப்புச் சான்றிதழ் கூடுதல் இணைப்பு. நாமினியே பாலிசிதாரருக்கு முன் இறந்துவிட்டாலோ, நாமினி பதிவே இல்லாவிட்டாலோ, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழோடு வாரிசுகள் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். தொகை பெரிதானால் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்றையும் கேட்கலாம்.

கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த பாலிசிங்க, நாமினி எங்க மாமியா. நான் லெட்டரு குடுத்தா நிறுத்தி வெப்பாங்களா?

நிறுவனத்தின் கடமை, பதிவில் உள்ள நாமினிக்குக் கொடுத்துப் பொறுப்பிலிருந்து விடுபடுவதுதான். நீதிமன்றத் தடை உத்தரவு இல்லாமல், மனைவியின் ஆட்சேபக் கடிதம் ஒன்றை மட்டும் வைத்து அதை நெடுநாள் நிறுத்த முடியாது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியானால் அவர்களுக்கே அந்தப் பணத்தில் உரிமை உண்டு என்று காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்திருக்கிறது. மற்ற வாரிசுகளின் பங்கை அது முழுக்க அடைத்துவிடுகிறதா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. உங்கள் மாமியாரோடு பேசி முடிக்க வழியிருந்தால் அதுவே விரைவு. இல்லையென்றால் வழக்கறிஞரிடம் போங்கள், கிளைக்கு அல்ல.

எல்லாம் குடுத்து மூணு மாசமாச்சுங்க. போனா "மேல அனுப்பிருக்குது"ங்கறாங்க.

2024ஆம் ஆண்டு ஆணையம் வெளியிட்ட விதிகளின்படி, விசாரணை தேவைப்படாத இறப்புக் கோரிக்கை 15 நாட்களிலும், தேவைப்படுவது 45 நாட்களிலும் தீர்க்கப்பட வேண்டும். தாமதத்துக்கு வங்கி விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும். முத்திரை விழுந்த நகலைப் பத்திரப்படுத்தச் சொன்னதன் பொருள் இப்போது தெரியும்: அதில் உள்ள தேதியிலிருந்து நாட்களை எண்ணி, இரண்டாவது கடிதத்தை நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். அதில் புதிய கதை வேண்டாம். முதல் கடிதத்தின் தேதி, இணைப்பு எண்ணிக்கை, கடந்த நாட்கள், வட்டிக் கோரிக்கை ஆகியவை போதும். ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போக வேண்டும். 50 லட்ச ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அங்கே முதலில் கேட்பது நீங்கள் நிறுவனத்துக்கு எழுதிய கடிதங்களின் நகல்களைத்தான்.

இந்த ஒரு பாலிசிதான் எங்களுக்குத் தெரியுமுங்க. வேற எதாச்சும் இருந்தா எப்பிடிக் கண்டுபுடிக்கறது?

அதே கடிதத்தில், "இவர் பெயரிலும் பிறந்த தேதியிலும் வேறு பாலிசிகள் இருப்பின் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி சேர்த்தால் கிளை தேடிப் பார்க்கும்; அது அந்த நிறுவனத்துக்குள் மட்டுமே பயன்படும். மற்றவற்றுக்கு வங்கிப் பாஸ்புக்கை வரிவரியாகப் பாருங்கள். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா திட்டம். 2 லட்ச ரூபாய்க்கான கோரிக்கையை அந்த வங்கிக் கிளையிலேயே தனியாகக் கொடுக்க வேண்டும். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு; சாலை விபத்து போன்றவற்றுக்குக் காவல்துறை ஆவணங்களும், பாம்புக்கடி போன்றவற்றுக்கு உடனடியாகச் சென்ற மருத்துவமனையின் குறிப்பும் அதற்கு வேண்டும்.

மில்லிலோ பனியன் கம்பெனியிலோ பி.எஃப். பிடித்தம் இருந்தவரென்றால், வைப்பு நிதியோடு இணைந்த காப்பீடு ஒன்றும் உண்டு. அதன் உச்ச வரம்பு 7 லட்சம். அதற்குக் கம்பெனியின் கையொப்பமும் வேண்டும் என்பதால், 3787 படிவத்துக்காகப் போகும் அன்றே அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இறப்புச் சான்றிதழின் பிரதிகளை நாலைந்தாக முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டால் இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கலாம்.